20 எம்பி, 2 நிமிடம், .mp4 மட்டும்: விண்ணப்ப வீடியோவை எப்படிச் சுருக்குவது?

கரும்பலகை · பிப்ரவரி 6, இரவு 9.10

ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். என்னை அறிமுகப்படுத்தி ஒரு வீடியோ ஏற்ற வேண்டும். தளத்தில் போட்டிருக்கும் விதி: அளவு 20 எம்பிக்குள், நீளம் 2 நிமிடத்துக்குள், வடிவம் .mp4, கோடெக் எச்.264. கடைசி நாள் பிப்ரவரி 15.

ஐபோனில் எடுத்தேன். 2 நிமிடம் 6 விநாடி, 130 எம்பிக்கு மேல், .mov கோப்பு. விண்டோஸ் மடிக்கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற சுருக்கும் மென்பொருளைப் போட்டு `Fast 1080p30` என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தால் 52 எம்பி வந்தது. தரத்துக்கான அந்தத் தள்ளுகட்டையை 30 வரை நகர்த்தினேன். 19 எம்பி ஆகிவிட்டது, ஆனால் முகத்தில் கட்டம் கட்டமாகத் திட்டு. பின்னால் இருக்கும் சுவர் அலை அடிக்கிறது. இதைப் பார்த்து யாரும் என்னைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். அளவும் குறைய வேண்டும், முகமும் தெரிய வேண்டும். வழி இருக்கிறதா?

பொருநைக்காரன் · பிப்ரவரி 6, இரவு 9.32

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, திரும்ப இறக்கிக்கோங்க. அதுவே சுருக்கி .mp4 ஆக்கிக் கொடுத்துவிடும். நான் போன வருஷம் ஒரு வேலைக்கு அப்படித்தான் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டது.

வெட்டொட்டு · பிப்ரவரி 6, இரவு 11.05

தம்பி சொல்வது வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் எவ்வளவு சுருக்குவது என்று வாட்ஸ்அப்தான் முடிவு செய்யும், நாம் இல்லை. 20 எம்பி வரை இடம் இருக்கும்போது அது பாதி இடத்தைக்கூடப் பயன்படுத்தாமல் படத்தைச் சின்னதாக்கிவிடலாம். ஆவணமாக அனுப்பினால் சுருக்காமல் அப்படியே போகும், அதனால் பயனில்லை. வரம்பு தாராளமாக இருந்து, அவசரமும் இருந்தால் செய்யலாம். இங்கே வரம்பு இறுக்கமாக இருக்கிறது.

கரும்பலகை, நீங்கள் தள்ளுகட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தது எதிர்த்திசையில் போவது. அந்தக் கட்டை தரத்தைச் சொல்கிறது, அளவு எவ்வளவு வரும் என்று அதற்கே தெரியாது. உங்களுக்கோ அளவுதான் முதலில் தீர்மானமாகிவிட்டது. எனவே அளவிலிருந்து ஆரம்பியுங்கள்.

20 எம்பியை முழுதாக நிரப்ப வேண்டாம், 19 என்று வையுங்கள். 19,000,000 பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக 152,000,000 பிட். நீளம் 118 விநாடி என்று வையுங்கள் (ஏன் 120 இல்லை என்று பிறகு சொல்கிறேன்). வகுத்தால் விநாடிக்குச் சுமார் 1288 கிலோபிட். படம், ஒலி இரண்டுக்கும் சேர்த்து உங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான். பேச்சுக்கு 96 கிலோபிட் தாராளம். மீதி 1192. கோப்பின் தலைப்பு, அட்டவணை எல்லாம் கொஞ்சம் இடம் தின்னும், படத்துக்கு 1150 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 1150 கிலோபிட்டை 1080 வரிப் படத்தில் பரப்பினால் எங்கேயும் போதாது, திட்டுத் திட்டாக வரும். உங்களுக்கு வந்தது அதுதான். அதையே 720 வரிப் படத்துக்குக் கொடுத்தால், புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் பங்கு இரட்டிப்புக்கு மேல். முகம் தெளிவாகும். மதிப்பிடுபவர் உலாவியில் ஒரு சின்னச் சட்டத்தில்தான் பார்க்கப் போகிறார்.

ஹேண்ட்பிரேக்கில்: `Dimensions` பக்கத்தில் 720p, `Video` பக்கத்தில் `Avg Bitrate` என்பதில் 1150, பக்கத்திலேயே இருக்கும் `Multi-Pass Encoding` டிக். முதல் ஓட்டத்தில் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டாவது ஓட்டத்தில் அதற்கேற்பப் பங்கு பிரிக்கும். இந்த டிக் இல்லாமல் சராசரி பிட்ரேட் கொடுத்தால் அளவு ஓரளவு வரும், பங்கீடு மோசமாக இருக்கும்.

பொருநைக்காரன் · பிப்ரவரி 7, காலை 7.50

எச்.265 போட்டால் அதே தரம் பாதி அளவில் வருமே? போனே அதில்தானே எடுக்கிறது. பெயரை மட்டும் .mov இலிருந்து .mp4 என்று மாற்றினாலும் ஆகிவிடும் என்று கேள்விப்பட்டேன்.

வெட்டொட்டு · பிப்ரவரி 7, காலை 8.40

எச்.265 சிக்கனம் என்பது சரி. ஆனால் தளம் எச்.264 என்று எழுதியே போட்டிருக்கிறது, அதில் பேச்சுக்கு இடமில்லை. அப்படி எழுதாத தளங்களில்கூட நான் எச்.264தான் கொடுப்பேன். மதிப்பிடுபவரின் கணினி, உலாவி எது என்று நமக்குத் தெரியாது. எச்.265 சிலவற்றில் ஒலி மட்டும் கேட்டு, படம் கறுப்பாக நிற்கும்.

பெயர் மாற்றுவது: உறையின் மேல் எழுதியதை மாற்றுவதுதான் அது. உள்ளே இருப்பது மாறாது. பல தளங்கள் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் படித்துப் பார்க்கும். அங்கே `ftyp` என்பதை அடுத்து `qt` என்று இருந்தால் அது .mov வடிவமான குவிக்டைம் என்று தெரிந்துவிடும். மேலோட்டமாகப் பெயரை மட்டும் பார்க்கும் தளத்தில் ஏறிவிடும், பிறகு திறக்காது. அது இன்னும் ஆபத்து. ஏறவில்லை என்றால் உடனே தெரியும். ஏறியும் திறக்கவில்லை என்றால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

நெட் சென்டர் · பிப்ரவரி 7, காலை 11.15

இருபது வருஷமாகப் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜனவரி வந்தால் பிள்ளைகள் இப்படித்தான் வந்து நிற்பார்கள். நான் பார்த்தவரை பாதிப் பிரச்சினை வீடியோவிலேயே இருக்காது, கோப்பின் பெயரில் இருக்கும். `my video (final) 2.mp4` என்று இடைவெளி, அடைப்புக்குறி, சில சமயம் தமிழ் எழுத்து. தளம் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பும். ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவுதான் நான் வைப்பேன்.

இன்னொன்று. இணையத்தில் "வீடியோ சுருக்க" என்று தேடினால் வரும் இலவசத் தளங்களில் ஏற்றாதீர்கள். விண்ணப்ப வீடியோவில் பெயர், ஊர், வேலை செய்யும் பள்ளி எல்லாம் சொல்லியிருப்பீர்கள். சில பேர் அடையாள அட்டையைத் தூக்கியும் காட்டுகிறார்கள். அதை யாரென்றே தெரியாத ஒரு கணினிக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

பொருநைக்காரன் · பிப்ரவரி 7, மாலை 6.20

ஹேண்ட்பிரேக்கைவிட ffmpeg எளிது. ஒரு வரிதான்:

```
ffmpeg -i in.mov -crf 28 out.mp4
```

நான் எப்போதும் இதைத்தான் போடுவேன். அக்கா, முயன்று பாருங்கள்.

கரும்பலகை · பிப்ரவரி 7, இரவு 10.02

இரண்டு பேர் சொன்னதையும் செய்தேன்.

தம்பியின் ஒற்றை வரியில் 34 எம்பி வந்தது. அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், அது வி.எல்.சி.யில் நன்றாக ஓடுகிறது, உலாவியில் இழுத்துப் போட்டால் குரல் மட்டும் கேட்கிறது, படம் இல்லை. எச்.264தானே போட்டிருக்கிறது?

வெட்டொட்டு சார் சொன்ன ஹேண்ட்பிரேக் வழியில் அளவு சரியாக வந்தது. திட்டு குறைந்திருக்கிறது, ஆனால் முழுக்கப் போகவில்லை. நிறமும் வெளுத்துப்போனது போல இருக்கிறது. போனில் பார்த்தால் என் புடவை அரக்கு. இங்கே செங்கல் நிறம்.

வெட்டொட்டு · பிப்ரவரி 7, இரவு 11.30

உலாவியில் படம் வராததும் நிறம் வெளுத்ததும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். மூலக் கோப்பை இப்படிக் கேட்டுப் பாருங்கள், வருவதை அப்படியே ஒட்டுங்கள்.

```
ffprobe -v error -show_entries stream=codec_name,width,height,pix_fmt,color_transfer:format=duration,size -of default=nw=1 in.mov
```

கரும்பலகை · பிப்ரவரி 8, காலை 6.15

தேவையான வரிகள் மட்டும்:

```
codec_name=hevc
width=1920
height=1080
pix_fmt=yuv420p10le
color_transfer=arib-std-b67
```

வெட்டொட்டு · பிப்ரவரி 8, காலை 9.20

சந்தேகப்பட்டதேதான். `10le` என்று முடிகிறதே, அது 10 பிட் நிறம். `arib-std-b67` என்பது எச்.டி.ஆர்., வெளிச்சத்தையும் இருட்டையும் சாதாரண வீடியோவைவிட அகன்ற வீச்சில் பதியும் முறை. ஐபோன் 12 முதல் கேமரா எச்.டி.ஆர். வீடியோ எடுக்கும், நாம் போய் அணைக்காவிட்டால் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

தம்பி கொடுத்த வரியில் பிட் ஆழத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூலம் 10 பிட் என்பதால் ffmpeg வெளியீட்டையும் 10 பிட்டாகவே வைத்தது. அதுவும் எச்.264தான், ஆனால் `High 10` என்ற வகை. வி.எல்.சி. எதையும் திறக்கும், உலாவிகள் 8 பிட் எச்.264 ஒன்றைத்தான் நம்பகமாகத் திறக்கும். தளத்தின் சோதனையில் இது கோடெக் எச்.264 என்று பாஸாகிவிடவும் வாய்ப்பு உண்டு. பார்ப்பவருக்குத்தான் கறுப்புத் திரை. எனவே எந்தக் கட்டளை போட்டாலும் `-pix_fmt yuv420p` என்று சேர்த்தே தீர வேண்டும்.

அதைச் சேர்த்தால் படம் வரும், நிறம் சரியாகாது. எச்.டி.ஆருக்கென்று வளைத்து எழுதிய வெளிச்சத்தைச் சாதாரணத் திரையில் அப்படியே காட்டினால் வெளுத்துத்தான் தெரியும். மென்பொருளில் இதைச் சரிசெய்யலாம், ஆனால் உங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது. மறுபடி எடுத்துவிடுவது மேல். எப்படியும் 6 விநாடி கூடுதலாகப் பேசியிருக்கிறீர்கள்.

போனில் செட்டிங்ஸ், கேமரா, `Record Video` உள்ளே `HDR Video` என்பதை அணையுங்கள். `Formats` உள்ளே `Most Compatible` வைத்தால் போனே எச்.264இல் எடுக்கும். இது கட்டாயமில்லை, எப்படியும் நாம் மறுபடி சுருக்கப் போகிறோம். அணைக்க வேண்டியது எச்.டி.ஆர்.

இப்போது நான் உண்மையில் கேட்க நினைத்த கேள்வி: எங்கே உட்கார்ந்து எடுத்தீர்கள்? மின்விசிறி ஓடியதா?

கரும்பலகை · பிப்ரவரி 8, மதியம் 1.40

வீட்டுக் கூடத்தில், இரவில், டியூப்லைட் வெளிச்சத்தில். விசிறி ஓடியது. பின்னால் பூப்போட்ட திரைச்சீலை, அது கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. போனை என் மகன் கையில் பிடித்திருந்தான். இதற்கும் அளவுக்கும் என்ன தொடர்பு?

வெட்டொட்டு · பிப்ரவரி 8, இரவு 10.45

எல்லாத் தொடர்பும் அதில்தான் இருக்கிறது. கல்யாண வீடியோ எடிட்டிங்கில் இவ்வளவு காலம் உட்கார்ந்திருக்கிறேன், சுருக்கும்போது படம் கெடுவதற்குப் பெரும்பாலும் மென்பொருள் காரணமில்லை, எடுத்த விதம்தான் காரணம்.

வீடியோவைச் சுருக்குவது என்பது முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைப்பது. சுவர் அப்படியே இருந்தால் சுவருக்கு ஏறக்குறைய ஒன்றும் எழுத வேண்டாம். உங்கள் உதடும் கண்ணும் கையும் மட்டும் மாறினால் 1150 கிலோபிட்டும் உங்கள் முகத்துக்கே போகும்.

உங்கள் வீடியோவில் என்ன நடந்தது என்று பாருங்கள். கையில் பிடித்ததால் சட்டம் முழுவதும் ஒவ்வொரு படத்திலும் நகர்கிறது. பூப்போட்ட திரை ஆடுகிறது, ஒவ்வொரு பூவின் விளிம்பையும் மறுபடி மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. வெளிச்சம் குறைவு என்பதால் போன் உணர்திறனை ஏற்றிவிடும். அப்போது இருட்டான இடங்களிலும் சுவரிலும் மணல் தூவியது போல ஒரு குருணை வரும். நம் கண்ணுக்கு அது லேசாகத்தான் தெரியும். சுருக்கும் நிரலுக்கு ஒவ்வொரு குருணையும் புது மாற்றம், அதையும் எழுதப் பார்த்து, இடம் போதாமல், கடைசியில் சுவர் அலை அடிக்கிறது. நீங்கள் முதல் பதிவில் சொன்ன அலை அதுதான்.

டியூப்லைட் இன்னொன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். போன் விநாடிக்கு 30 படம் எடுக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாமல், படத்தில் மங்கலான பட்டைகள் மேலும் கீழும் நகரலாம். அந்தப் பட்டை நகர்ந்தால் திரை முழுவதும் வெளிச்சம் மாறியதாகக் கணக்கு. ஐபோனில் `Show PAL Formats` என்று ஒன்று உண்டு, அதை இயக்கினால் 25 படத்தில் எடுக்கலாம், பட்டை பெரும்பாலும் போய்விடும். பகல் வெளிச்சத்தில் எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

எனவே: காலையில் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பின்னால் வெறும் சுவர். விசிறியை நிறுத்துங்கள், அதன் சத்தமும் போகும், திரையும் அசையாது. போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வையுங்கள், பையனுக்கு விடுமுறை கொடுங்கள். கட்டம் போட்ட சட்டை, நெருக்கமான ஜரிகை வேண்டாம்.

வீணை வகுப்பு · பிப்ரவரி 9, காலை 10.30

நானும் இதே சிக்கலில் இருக்கிறேன், ஆனால் ஒலியைப் பற்றி யாருமே பேசவில்லை. 96 கிலோபிட் என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அதில் வீணையைக் கேட்டால் கமகத்தின் வால் எல்லாம் நசுங்கிப்போகும். ஒரு இசைக் கல்லூரிக்கு 10 நிமிடத்துக்குள், 100 எம்பிக்குள் வாசித்து அனுப்ப வேண்டும். என் பதிவு 9 நிமிடம் 20 விநாடி. ஒலிக்கு எவ்வளவு கொடுப்பது?

பொருநைக்காரன் · பிப்ரவரி 9, காலை 11.00

அவர் பேசும் வீடியோவுக்குத்தானே 96 சொன்னார்? அக்கா வீணை வாசிக்கவில்லையே.

வெட்டொட்டு · பிப்ரவரி 9, இரவு 9.50

வீணை வகுப்பு கேட்டது நியாயம். பேச்சுக்கு 96 மோனோ போதும். இசைக்கு ஸ்டீரியோவில் 192 கொடுங்கள். கணக்கு அதேதான்: 95,000,000 பைட், 8ஆல் பெருக்கி 560 விநாடியால் வகுத்தால் 1357 கிலோபிட். ஒலி 192 போக 1165. படத்துக்கு 1100 வைத்தால் மொத்தம் 90 எம்பி சொச்சம் வரும். ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறீர்கள், கேமரா அசையாது. 720க்கு 1100 நன்றாகவே இருக்கும்.

ஆனால் நீங்கள் கேட்கும் நசுக்கல் சுருக்குவதால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. மூலக் கோப்பை ஹெட்போனில் கேளுங்கள். போன் கேமராக்கள் சத்தம் கூடினால் தானே தணிக்கும், குறைந்தால் தானே ஏற்றும். பலமாக மீட்டியதும் அடுத்த மெல்லிய பிடி அமுங்கி, மெல்ல மெல்ல மேலே வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் எத்தனை கிலோபிட் கொடுத்தாலும் மாறாது. தனி ஒலிப்பதிவுக் கருவி வைத்து எடுத்துச் சேர்க்க வேண்டியதுதான், கல்லூரி விதி அதை அனுமதித்தால்.

வீணை வகுப்பு · பிப்ரவரி 10, காலை 6.40

கேட்டேன். மூலத்திலேயே இருக்கிறது. தானத்தில் நன்றாகத் தெரிகிறது.

விதியில் "திருத்தம் செய்யாத, தொடர்ச்சியான ஒரே பதிவு" என்று இருக்கிறது. தனியாக எடுத்த ஒலியைச் சேர்ப்பது திருத்தமா? ஆரம்பத்தில் நான் நடந்து வந்து உட்காரும் சில விநாடியை வெட்டுவது திருத்தமா?

கரும்பலகை · பிப்ரவரி 11, மாலை 5.30

மறுபடி எடுத்துவிட்டேன். காலை ஏழரை மணி, ஜன்னல் வெளிச்சம், வெறும் சுவர், விசிறி இல்லை, எச்.டி.ஆர். அணைத்து. இப்போது ffprobe `yuv420p` என்று மட்டும் சொல்கிறது. பேச்சையும் குறைத்தேன், ஆனாலும் 2 நிமிடம் 3 விநாடி வந்தது. கடைசியில் நான் எழுந்து போனை அணைக்கப் போவதுதான் அந்த 3 விநாடி. ffmpeg கட்டளையை முழுதாகக் கொடுங்கள், ஹேண்ட்பிரேக்கைவிட இதுவே பழகிவிட்டது.

வெட்டொட்டு · பிப்ரவரி 11, இரவு 10.10

விண்டோஸில் இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். முதல் வரி வீடியோ எதையும் உருவாக்காது, கணக்கு மட்டும் எடுத்து வைக்கும்.

```
ffmpeg -y -i in.mov -t 118 -vf "scale=-2:720,fps=30" -c:v libx264 -preset slow -b:v 1150k -pix_fmt yuv420p -pass 1 -an -f null NUL

ffmpeg -i in.mov -t 118 -vf "scale=-2:720,fps=30" -c:v libx264 -preset slow -b:v 1150k -pix_fmt yuv420p -pass 2 -c:a aac -b:a 96k -ac 1 -movflags +faststart out.mp4
```

மேக், லினக்ஸ்காரர்கள் `NUL` இருக்கும் இடத்தில் `/dev/null` போடுங்கள். ஆரம்பத்தில் வெட்ட வேண்டுமானால் `-i` க்கு முன்னால் `-ss 2` என்று இரண்டு வரியிலும் சேருங்கள். ஒரு வரியில் மட்டும் சேர்த்தால் முதல் ஓட்டத்தின் கணக்கு இரண்டாவதோடு பொருந்தாது.

`fps=30` எதற்கு என்றால், போன் சொல்வது 30 என்றாலும் வெளிச்சத்துக்கேற்ப இடையில் கூட்டிக் குறைக்கும். அதைச் சீராக்கிவிட்டால் சில தளங்களில் உதடும் குரலும் விலகிப்போவது நடக்காது. கடைசியில் இருக்கும் `faststart` கோப்பின் அட்டவணையை முன்னால் கொண்டுவந்து வைக்கும். அது பின்னால் இருந்தால், தளத்தின் அமைப்பைப் பொறுத்து, படம் ஓட ஆரம்பிக்க வெகுநேரம் காத்திருக்க வேண்டிவரும்.

கரும்பலகை · பிப்ரவரி 12, காலை 7.20

என்ன வித்தியாசம்! அதே 1150, ஆனால் கண் இமை வரை தெரிகிறது. சுவர் சுவராகவே இருக்கிறது. புடவை அரக்காகவே இருக்கிறது.

ஆனால் தளம் ஏற்கவில்லை. 118இல் என் கடைசி வாக்கியம் அறுந்தது, அதனால் `-t 120` என்று மாற்றினேன். அளவு சரி, வடிவம் சரி, "நீளம் வரம்பைத் தாண்டுகிறது" என்று வருகிறது. கோப்பின் பண்புகளில் 2:00 என்றுதான் காட்டுகிறது.

வெட்டொட்டு · பிப்ரவரி 12, காலை 8.05

ffprobe இல் duration பாருங்கள்.

கரும்பலகை · பிப்ரவரி 12, காலை 8.12

120.02

வெட்டொட்டு · பிப்ரவரி 12, இரவு 9.30

அந்த 0.02தான். 118 ஏன் என்று பிறகு சொல்வதாக எழுதியிருந்தேன், அது இதற்குத்தான். ஏ.ஏ.சி. ஒலி சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் எழுதப்படும். 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு பொட்டலம் சுமார் 23 மில்லிவிநாடி. பாதிப் பொட்டலம் என்று ஒன்று கிடையாது, முன்னால் ஒரு பொட்டலம் கூடுதலாகவும் சேரும். அதனால் படம் 120இல் முடிந்தாலும் கோப்பின் நீளம் ஒரு துளி தாண்டும். விண்டோஸ் முழு விநாடியாகக் காட்டும், தளத்தின் நிரல் 120.02 > 120 என்று கறாராகப் பார்க்கும். ஒரு முழு விநாடியாவது விட்டுவிடுங்கள்.

அளவிலும் இதே கதை உண்டு. விண்டோஸ் 19.5 எம்பி என்று காட்டும் கோப்பில் உண்மையில் 2 கோடியே 4 லட்சத்துக்கு மேல் பைட் இருக்கும், ஏனென்றால் அது ஒரு எம்பியை 1024 × 1024 என்று எண்ணுகிறது. தளம் 20 எம்பியை 20,000,000 என்று எண்ணினால் அந்தக் கோப்பு வெளியே. வலது சொடுக்கில் பண்புகளைத் திறந்து பைட் எண்ணிக்கையைப் பாருங்கள், அதை நம்புங்கள்.

நெட் சென்டர் · பிப்ரவரி 13, காலை 10.50

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. வேறொரு தளம், அங்கேயும் 20 எம்பி. ஒரு பையனுடைய கோப்பு 17 எம்பிதான், பைட் கணக்கிலும் 17தான். திரும்பத் திரும்ப "அளவு அதிகம்" என்றே வந்தது. 14 ஆக்கியதும் ஏறியது. இன்றுவரை காரணம் புரியவில்லை.

பொருநைக்காரன் · பிப்ரவரி 13, மதியம் 12.15

அது பேஸ்64 ஆக இருக்கும். சில தளங்கள் கோப்பை எழுத்தாக மாற்றி அனுப்பும், அப்போது மூன்று பைட் நான்காகும். 20இல் நாலில் மூன்று 15. பதினேழு ஏறாது, பதினாலு ஏறும். கணக்கு சரியாகப் பொருந்துகிறதே!

வெட்டொட்டு · பிப்ரவரி 13, இரவு 10.00

நல்ல யூகம், தம்பி. கணக்கும் பொருந்துகிறது. ஆனால் அதே பக்கத்தில் போட்டோவும் சான்றிதழ்களும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பும் படிவம் என்றால், எல்லாக் கோப்பும் சேர்ந்து 20 என்று எண்ணியிருக்கலாம். மூன்று, நான்கு எம்பிக்குச் சான்றிதழ் இருந்தால் அதுவும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். நெட் சென்டர், அந்தப் பையன் சான்றிதழ்களை அதே பக்கத்தில்தான் இணைத்தானா?

நெட் சென்டர் · பிப்ரவரி 13, இரவு 10.25

இணைத்தான். ஆனால் அளவு எவ்வளவு என்று ஞாபகம் இல்லை. ஸ்கேன் செய்தது நான்தான், வண்ணத்தில் செய்தால் பெரிதாகத்தான் இருந்திருக்கும்.

கரும்பலகை · பிப்ரவரி 14, காலை 6.50

ஏறிவிட்டது. கடைசி வாக்கியத்தை அறுக்க மனமில்லாமல் ஆரம்பத்தில் நான் மூச்சு வாங்கும் இடத்தை `-ss 2` கொண்டு வெட்டி, `-t 118` வைத்தேன். ffprobe 118.02 என்கிறது, கோப்பு 18.4 எம்பி. பெயர் `arimugam_01.mp4`. ஏற்றிய பிறகு தளத்தின் முன்னோட்டத்தில் கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன், பிறகு வேறு உலாவியிலும் ஒரு முறை. அதிகாலையில் ஏற்றினேன், நேற்று இரவு பாதியில் இணைப்பு அறுந்து விண்ணப்பப் பக்கமே வெளியேறிவிட்டது.

தம்பி, பேஸ்64 யூகம் என் தளத்துக்குப் பொருந்தவில்லை, 18.4 ஏறிவிட்டதே.

பொருநைக்காரன் · பிப்ரவரி 14, காலை 9.30

வாழ்த்துகள் அக்கா! நான் சொன்னது நெட் சென்டர் அண்ணன் தளத்துக்கு மட்டும்.

எனக்கும் ஒரு கேள்வி. நான் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்திருக்கிறேன். அதே கட்டளையைப் போட்டால் படம் ரொம்பச் சின்னதாகிறது, முகம் தெளிவில்லை.

வெட்டொட்டு · பிப்ரவரி 14, இரவு 9.15

`scale=-2:720` என்பது உயரத்தை 720 ஆக்கு என்று சொல்கிறது. நெட்டுக்குத்துப் படத்தில் அப்படிச் செய்தால் அகலம் 400 சொச்சம்தான் மிஞ்சும். `scale=720:-2` என்று திருப்பிப் போடுங்கள், அகலம் 720, உயரம் 1280 வரும். ஆனால் விதியில் கிடைமட்டம் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியிருந்தால் மறுபடி எடுப்பதுதான் வழி. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வைத்து அனுப்பினால் முகத்துக்குத் திரையில் மூன்றில் ஒரு பங்கு இடம்கூடக் கிடைக்காது.

வீணை வகுப்புக்கு: உட்காரும் இடத்தை முன்னாலும் எழுந்திருக்கும் இடத்தைப் பின்னாலும் வெட்டுவதைப் பெரும்பாலும் யாரும் திருத்தம் என்று பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். ஒலியை மாற்றி வைப்பது வேறு விஷயம். வாசிப்பை வேறு நாளில் எடுத்து ஒட்டவில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கல்லூரிக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீணை வகுப்பு · பிப்ரவரி 15, காலை 11.40

மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அதுவரை போனை இன்னும் இரண்டு அடி தள்ளி வைத்து, பலமான மீட்டுக்கு அது தணிக்காத தூரம் எது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தள்ளினால் தணிப்பு குறைகிறது, ஆனால் அறையின் எதிரொலி கூடுகிறது. சமுக்காளம் விரித்துப் பார்த்தவர் யாராவது உண்டா?